‘ஐயா’ என்று எழுத வைத்தேன்

பெரியவளே, சின்னவனே,

இப்படித்தான் தொடங்கப் போகிறேன். ‘அன்புள்ள’ என்று போட்டால் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். ஒரே வீட்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படுக்கிறவர்களுக்கு யார் ‘அன்புள்ள’ போடுவார்கள்? காலையில் நான் உங்களிடம் சொல்லும் முதல் வார்த்தை ‘ஏந்திரு, டைம் ஆவுது பாரு’ என்பதுதான். நம் வீட்டு வணக்கம் அது. ஆனால் நோட்டில் அப்படி எழுத முடியாது. அதனால் வாயால் கூப்பிடும் செல்லப் பெயரும் வேண்டாம், கடிதத்து அலங்காரமும் வேண்டாம் என்று, இந்த வீட்டில் உங்களுக்கு உள்ள இடத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இந்த ஒரு வரிக்கு நான் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்தேன். யோசிக்காமல் தொடங்கிய ஒரு கடிதத்தால் நான் பட்டதை நீங்கள் பாதி அறிவீர்கள். அதற்கு நான் திருப்பிக் கொடுத்ததை முழுதாகச் சொல்லவே உங்கள் நைனா இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். அந்தக் காலத்தில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே ஆளுக்கு, சூளூர்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு. ‘அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, அம்மாவுக்கு முட்டி வலி, மீன் வரத்து இல்லை என்று நாலு வரி எழுதி, ‘இப்படிக்கு உன் அன்புத் தம்பி’ என்று முடிப்பேன். கடிதம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி வந்தது. அக்காவுக்கு எழுதுவதும் நின்றது. இருபது வருடம் நான் பேனாவை எடுத்தது கையெழுத்துப் போட மட்டும்தான்.

யார்டில் என் வேலை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கன்டெய்னர்களை இறக்கி அடுக்கி வைக்கும் இடம். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், ஒப்பந்தத்தில். ஒரு நாள் நிரந்தர ஓட்டுநர் இடம் ஒன்று காலியானது. ‘விருப்பமுள்ளவர்கள் கைப்பட எழுதித் தரவும்’ என்று பலகையில் ஒட்டினார்கள். யாருக்கு என்று ஒட்டவில்லை. எங்களுக்கு யார்டு மேலாளரைத் தவிர யாரைத் தெரியும்?

அந்த மேலாளர் ராயபுரத்துக்காரர். நம் பேச்சுதான் பேசுவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் யார்டில் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் எல்லோருக்கும் அண்ணன், வயது கணக்கில் இல்லை. நான் ‘அண்ணே’ என்பேன், அவர் ‘மாமு’ என்பார். காலையில் வண்டிச் சாவி வாங்கப் போனால், “இன்னா மாமு, நாஸ்டா ஆச்சா?” என்பார். “ஆச்சுண்ணே, நீங்க துன்ட்டீங்களா?” என்பேன். ஆறு வருடம் இப்படி. எழுதித் தருவதைப் பற்றிக் கேட்டபோது தோளில் கை போட்டார்.

“நம்ப ஆளு நீ. இன்னா தோணுதோ எய்து. அப்பால நான் பாத்துக்கறேன்.”

தோணியதை எழுதினேன். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

‘அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம்ணே. நான் நல்லா கீறேன். நீங்களும் வூட்ல எல்லாரும் நலமா. நலமறிய ஆவல். விசயம் இன்னான்னா அந்த டிரைவர் வேலை எனக்கு வேணும்ணே. என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல. இப்படிக்கு உங்கள் அன்புத் தம்பி.’

மேல் மூலையில் என் முழு முகவரி, கைப்பேசி எண், ஆதார் எண். கீழே கையெழுத்து.

இதில் நான் செய்த தப்பு என்னவென்று இப்போது ஒரு மூச்சில் சொல்லிவிடுவேன். டீக்கடையில் பேசும் ஆளும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதம் வாங்கும் ஆளும் ஒரே உடம்பில் இருந்தாலும் இரண்டு பேர். நான் மேசைக்கு எழுத வேண்டியதை டீக்கடைக்கு எழுதினேன். அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தோணியதை எழுது’ என்று சொன்னவர் அதை வாங்கியபோதாவது ‘மாமு, இப்டி எய்தக் கூடாது, மாத்திக் குடு’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தார், சிரித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அந்தச் சிரிப்பை அன்பு என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது எல்லோர் கைப்பேசியும் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுத்தது. யார்டு வாட்ஸ்அப் குழு. ஓட்டுநர்கள், கிளார்க்குகள், செக்யூரிட்டி, லாரிக்காரர்கள் என்று நூறு பேருக்கு மேல். என் விண்ணப்பத்தின் படம். கீழே அவர் எழுதியது: ‘மாமு எனக்கு லவ் லெட்டர் குட்த்துக்கீறாரு. எல்லாரும் நலமான்னு கேக்கறாரு, பதில் சொல்லுங்கப்பா.’

பதில் சொன்னார்கள். ‘நாங்க நலம் மாமு.’ ‘வூட்ல ஆடு கூட நலம்.’ ‘அண்ணி நலமான்னு கேக்க மறந்துட்டியே.’ வேலை வேறொருவருக்குப் போனது. அவருக்கு அனுபவம் அதிகம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அன்றிலிருந்து யார்டு வாசலில் எனக்கு ஒரே வரவேற்புதான். செக்யூரிட்டி கதவைத் திறந்துகொண்டே “நலம், நலமறிய ஆவல்” என்பார். லாரிக்காரர் ஹாரன் அடித்துத் தலையை நீட்டி “அன்புத் தம்பி” என்பார். என் பெயர் போய்விட்டது.

இதெல்லாம் தாங்கினேன். பெரியவளே, நீ அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றாமல் நின்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னோடு படிக்கும் பெண்ணின் அப்பா எங்கள் கிளார்க். படம் அவள் கைக்கும் வந்திருக்கிறது.

“நைனா, வேலைக்கு யாராச்சும் இப்டி எய்துவாங்களா?” என்று கேட்டாய்.

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாய். உன் தமிழ்ப் புத்தகத்தில் அலுவலகக் கடிதம் எழுதும் பாடம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் எர்ணாவூர் பாலத்து மேல் நின்றேன். அந்தப் பாலத்தில் ஒரு முடிவு எடுத்தேன். அந்த ஆள் எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கைப்பட எழுத வேண்டும். அதில் முதல் வரி ‘ஐயா’ என்று இருக்க வேண்டும். அதே குழுவில் அதை எல்லோரும் படிக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

வேலையை விட்டுவிடலாம், ஆளைப் பிடித்து நாலு அறை விடலாம் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். அறைந்தால் என் கை வலிக்கும், அவர் கன்னம் மறுநாள் ஆறிவிடும். காகிதத்தில் பட்டது காகிதத்தில்தான் தீர வேண்டும்.

தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு, நேராகக் கொடுக்கத் துணிச்சல் இல்லாமல், திருவொற்றியூர் தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதும் அம்மாவிடம் போனேன். ஜெராக்ஸ் கடையை ஒட்டி மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைவிடச் சின்னவர். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று பகல் முழுக்க எழுதுகிற கை. என் காகிதத்தை வாங்கி முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்.

“‘மாண்புமிகு மகாகனம் பொருந்திய பெரிய முதலாளி அவர்களின் பொற்பாதங்களுக்கு.’ யாருண்ணா இது, ராஜாவா?”

“முதல்ல மரியாதை இல்லாம எய்திதாம்மா மாட்டிக்கினேன். அதான் இந்த வாட்டி கொஞ்சம் தூக்கலா.”

அவர் கண்ணை இரண்டாவது பத்திக்கு இறக்கினார். அங்கே மேலாளரை நான் என்னவென்று சொல்லியிருந்தேன் என்பதை உங்களுக்கு எழுத மாட்டேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மேல கோயிலு, கீழ குழாயடிச் சண்டை. ஒரே காயிதத்துல ரெண்டயும் வச்சிருக்கீங்க.”

எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் கடிதத்தைக் கேட்டார். கைப்பேசியில் காட்டினேன். அதைச் சிரிக்காமல் படித்த முதல் ஆள் அவர்தான்.

“இது உங்க அக்காவுக்கு எழுதியிருந்தா அருமையான லெட்டருண்ணா,” என்றார். “தப்பு எழுத்துல இல்ல. போன எடத்துல. நேர்ல ‘அண்ணே, துன்ட்டீங்களா’ன்னு கேக்கும்போது உங்க மூஞ்சி கூட இருக்கு. தப்பா பட்டா சிரிச்சி சரி பண்ணிக்குவீங்க. காயிதம் தனியா போவுது. அது எந்த ஃபைல்ல தூங்கும், எவன் கையில கெடைக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் அதுக்கு ஒரு சட்டை மாட்டி அனுப்பறோம்.”

“எந்த சட்டைம்மா?”

“இங்க ‘ஐயா’. அவ்ளோதான். பெண்ணா இருந்தா ‘அம்மையீர்’. மாண்புமிகு மந்திரிக்கும் ஐகோர்ட்டு ஜட்ஜுக்கும். மேதகு கவர்னருக்கு. கம்பெனிக்காரருக்குப் போட்டா கிண்டல் பண்றீங்கன்னு நெனப்பாங்க. ‘அன்புள்ள’ன்றது சொந்தம், சிநேகிதம். ‘அன்புடையீர்’ கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீசு, நெறைய பேருக்குப் பொதுவா போறது.”

“நேர்ல நான் யாரயும் ஐயான்னு சொன்னதில்லம்மா. பிச்ச கேக்கற மாதிரி கீது.”

“நேர்ல சொன்னா குனியற மாதிரிதான். காயிதத்துல அது குனியறது இல்ல. நேரா நிக்கறது.”

பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்த அலுவலகத்தில் இந்தப் புகாரைப் பார்க்கப் போவது ஆணா, பெண்ணா? எனக்குத் தெரியவில்லை. “தெரிஞ்சிக்கினு வாங்க. தெரியலனா ‘ஐயா, அம்மையீர்’னு ரெண்டும் போட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா சரியா போட்டா, விசாரிச்சிட்டு எழுதறவன்னு அங்க ஒரு பயம் இருக்கும்,” என்றார்.

மறுநாள் பாரிமுனைப் பக்கம் போய்த் தலைமை அலுவலகத்துக் காவலாளியிடம் கேட்டேன். பணியாளர் பிரிவுக்கு ஒரு பெண் மேலாளர். பெயரும் பதவியும் வாங்கி வந்தேன்.

மனு எழுதும் அம்மா எனக்கு எழுதித் தரவில்லை. என்னையே எழுத வைத்தார். நான் எழுத, அவர் பேனாவால் அடித்தார். ‘நலமாக இருக்கிறீர்களா’ என்று கை தானாகப் போனது, அடித்தார். “அவங்க நலத்த உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? சம்பந்தியா?” ‘அந்த மேலாளன்’ என்று எழுதினேன், அடித்தார். ‘மேலாளர் அவர்கள்’.

“அவனுக்கு எதுக்கும்மா அவர்கள்?”

“திட்டினீங்கன்னா படிக்கறவங்க உங்களப் பத்தி யோசிப்பாங்க. திட்டலன்னா அவரப் பத்தி யோசிப்பாங்க. எது வேணும்?”

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தைக் குறைக்க அவர் சொல்லவில்லை. அதைக் கூராக்கச் சொன்னார்.

இன்னொன்றும் அவர்தான் கண்டுபிடித்தார். நான் ‘என்னைக் கேலி செய்தார்’ என்று எழுதியிருந்தேன். அவர் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கி மேல் மூலையைக் காட்டினார். என் முகவரி, எண், ஆதார். “கேலி பண்ணாருன்னா சும்மா தமாஷுன்னு சொல்லிடுவாரு. இத்த எப்டி தமாஷுன்னு சொல்வாரு?”

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. அனுப்புநர், பெறுநர். ‘அம்மையீர்,’ கீழே ‘பொருள்: பணி விண்ணப்பம், தனிப்பட்ட விவரங்களுடன் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடப்பட்டது தொடர்பாக.’ ‘வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி, தேதி, நேரம், படம் இணைப்பு. ‘எழுத்து மூலம் மன்னிப்பும், அதனை அதே குழுவில் வெளியிடுவதும் கோருகிறேன்.’ ‘நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,’ கையெழுத்து. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் குளிர்ந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் மேலாளர் எதிரே என் கடிதம் இருந்தது. “இதை நீங்களே எழுதினீங்களா?” என்றார். “ஆமா மேடம்,” என்றேன். பாருங்கள், காகிதத்தில் அம்மையீர், வாயில் மேடம். அங்கே வாயால் ‘அம்மையீர்’ என்று சொல்லியிருந்தால் நாடகக்காரன் என்று நினைத்திருப்பார். “சரி,” என்றார். “நீங்க கேட்டதைச் செய்யச் சொல்றேன். விண்ணப்பம் எல்லாம் இனிமே இங்கேயே நேரா வரும்.”

இரண்டு நாள் கழித்து யார்டு மேலாளர் டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“இன்னா மாமு, துன்ட்டியா?”

“ஆச்சு.”

“நமக்குள்ள எதுக்கு மாமு இதெல்லாம். எங்கைல ஒரு வார்த்த சொல்லிருந்தா டிலீட் பண்ணிருப்பனே.”

“பண்ணா, எம் பொண்ணு பாத்தது பூடுமா?”

“சரி, சாரி. போதுமா? மாஸ்டர், மாமுக்கு ஒரு டீ.”

“மேடம் எழுத்துலன்னு சொன்னாங்க.”

“எய்த்துல சொன்னா இன்னா, வாயில சொன்னா இன்னா? ரெண்டும் ஒன்னுதான மாமு.”

“ஒன்னு இல்லண்ணே. நீங்கதான் கத்துக் குடுத்தீங்க.”

அவர் சொன்ன டீயை நான் தொடவில்லை. ஆடை கட்டும் வரை அது அங்கேயே இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். எனக்கு நன்றாக இருந்தது. உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

அந்த வாரம் ஒரு உறை வந்தது. உள்ளே: ‘அன்புத் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். விளையாட்டாகச் செய்ததைப் பெரிதாக எடுத்துக்கொண்டாய். மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். இப்படிக்கு உன் அண்ணன்.’

என்னைவிட இளையவர் எனக்கு எழுத்தில் தம்பி என்று போடுகிறார். என் வரியையே எடுத்து என் மேல் எறிகிறார். ‘எடுத்துக்கொண்டாய்’ என்கிறார். படித்ததும் காது சூடாகிவிட்டது. ஆனால் இப்போது எனக்கு வழி தெரியும். அன்றே பதில் எழுதினேன்.

‘ஐயா, வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். எனக்கும் தங்களுக்கும் உறவுமுறை ஏதும் இல்லாததாலும், தலைமை அலுவலகம் கோரியது அலுவலகக் கடிதம் என்பதாலும், அதனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முறையான கடிதத்தை எதிர்பார்க்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,’

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். ‘நகல்: பணியாளர் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம்.’ அவருடைய தம்பிக் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து நகலோடு வைத்தேன். மனு எழுதும் அம்மாவிடம் காட்டியபோது அவர் பேனாவைத் திறக்கக்கூட இல்லை. “அடிக்க ஒன்னும் இல்லண்ணா,” என்றார்.

நாலாவது நாள் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் கொட்டகையில் இருபது பேர் இருந்தோம். கைப்பேசிகள் குரல் கொடுத்தன. கிரேன் ஓட்டும் என் தோஸ்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“‘அனுப்புநர், யார்டு மேலாளர். பெறுநர்,’ நீதாம்ப்பா. ‘ஐயா.’”

அங்கே நிறுத்தினார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் “‘ஐயா,’” என்றார்.

“‘தங்கள் பணி விண்ணப்பத்தைத் தங்கள் அனுமதியின்றி, தங்கள் தனிப்பட்ட விவரங்களுடன் இக்குழுவில் வெளியிட்டமைக்கும், அதனைக் கேலி செய்தமைக்கும் வருந்துகிறேன். தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.’ கையெழுத்து போட்டுக்கீறாரு.”

யாரும் சிரிக்கவில்லை. குழுவில் அன்று ஒரு பதிலும் விழவில்லை, ஒரு பொம்மை முகம் கூட இல்லை. நூறு பேருக்கு மேல் இருக்கும் குழுவில் அந்தக் கடிதம் மட்டும் தனியாக நின்றது. நான் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பிரியாணி சாப்பிட்டது போல வயிறு நிறைந்திருந்தது. மாலையில் வாசலில் செக்யூரிட்டி வாயைத் திறந்தார், என்ன சொல்வது என்று தெரியாமல் “போய்ட்டு வாப்பா” என்றார். என் பெயர் திரும்பி வந்தது அந்த ‘வாப்பா’வில்தான். பெரியவளே, உனக்கு அன்று அந்தப் படத்தை அனுப்பினேன். ‘இப்டிதான் எய்துவாங்க’ என்று மட்டும் கீழே போட்டேன்.

இத்தோடு விட்டிருந்தால் நான் நல்லவன். விடவில்லை.

மறுநாள் காலை சாவி வாங்கப் போனேன். அவர் மேசையில் குனிந்திருந்தார். நான் செருப்பை வெளியே விட்டு, இரண்டு கையையும் சேர்த்து, “வணக்கம் ஐயா. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறையில் இரண்டு கிளார்க்குகள் இருந்தார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் நான் சொல்லவில்லை. சொன்னதில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆனால் காகிதத்தில் நேராக நிற்கும் ‘ஐயா’ வாயில் வரும்போது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். நம் யார்டில், நம் பேச்சு பேசுகிறவனுக்கு, காலை ஏழரை மணிக்குத் ‘தாங்கள்’ என்று சொல்வது முகத்தில் கதவைச் சாத்துவது. ஆறு வருடம் ‘துன்ட்டீங்களா’ என்று கேட்ட வாய் அன்றோடு மூடியது. தினமும் அதே வணக்கம், அதே கைகூப்பு. “தங்கள் ஆணைப்படி நாலாம் வரிசையில் அடுக்கிவிட்டேன் ஐயா.” “தங்கள் அனுமதியுடன் உணவருந்தச் செல்கிறேன் ஐயா.” கிளார்க்குகள் கணினிக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வார்கள். இந்த முறை அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சாவியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

“மாமு, போதும் மாமு. பேஜாரா கீது. எங்க வூட்லயே நான் இப்டி வணக்கம் வாங்கனதில்ல. ஒரு வாட்டி அண்ணேன்னு கூப்டு.”

“தாங்கள் கூறுவது எனக்குப் புரியவில்லை ஐயா.”

“கோவத்துல நாலு திட்டு திட்டேன். வாங்கிக்கறேன்.”

“தங்களைத் திட்டும் அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லையே ஐயா.”

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய கழுத்து சிவந்திருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உங்கள் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “மனுசன்தானே அவனும், வுட்டுத் தொலையேன்,” என்றாள். அவள் சொன்னது சரியாக இருக்கலாம். விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் ‘நைனா மாதிரி பழி வாங்க வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் பேனா எடுக்கும்போது நான் கேட்காத கேள்விகளைக் கேளுங்கள். இது யாருக்குப் போகிறது, ஆளுக்கா, அவர் உட்காரும் நாற்காலிக்கா? நான் பக்கத்தில் இல்லாதபோது இதை வேறு யார் படிக்கலாம்? இதே வார்த்தையை நேரில் சொன்னால் எப்படிக் கேட்கும்? சிநேகிதனுக்கு ‘ஐயா’ போட்டால் உறவு அறும், அலுவலகத்துக்கு ‘அன்புள்ள’ போட்டால் மானம் போகும். இரண்டையும் நான் செய்து பார்த்துவிட்டேன். முதலாவதைத் தெரியாமல் செய்யவில்லை.

நிரந்தர வேலை எனக்கு வரவில்லை. அடுத்த இடம் காலியாகும்போது நேராகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன். அது வேறு கதை இல்லை, அது ஒரு பக்கக் காகிதம்தான்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த நாள், நான் வண்டியை ஏழாம் வரிசைக்குப் பின்னால், யாரும் வராத மூலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கன்டெய்னர் சுவர். இன்ஜினை அணைத்தேன். கைப்பேசியை எடுத்து அவர் எண்ணைத் தேடினேன். ‘அண்ணன்’ என்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானே போட்டது. எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கட்டம் காலியானதும் விரல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே நின்றது. பிறகு ‘மேலாளர், யார்டு’ என்று போட்டுச் சேமித்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.